வாரம் ஒரு வினைவிகுதி: டோபிக் 2 பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரிய மொழித் திறன் தேர்வான டோபிக் 2 எழுதப்போகும் நம் குழு இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரத்தைக் கொரிய வினைவிகுதிகளுக்கு மட்டும் ஒதுக்கலாம் என்று கேட்டிருந்தேன். மொத்தம் பத்து வாரம். ஒவ்வொரு வாரமும் ஒரு விகுதி, அல்லது ஒன்றோடொன்று குழம்பும் ஒரு ஜோடி. அதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே ஒருசேரப் பதில் எழுதுகிறேன். எல்லோரும் ஹங்குல் வாசிப்பீர்கள் என்பதால் எடுத்துக்காட்டு வாக்கியங்களை அப்படியே தருகிறேன். விகுதிகளின் பெயரை முதல் முறை வரும்போது தமிழிலும் எழுதியிருக்கிறேன்.

அக்கா, விகுதிப் பட்டியல்தான் எல்லார்கிட்டயும் இருக்கே. அர்த்தமும் தெரியும். அப்புறம் எதுக்கு வாராவாரம் பயிற்சி?

மதிப்பெண் போவது அர்த்தம் தெரியாததால் அல்ல. ஒரு விகுதி எந்த வினையோடு சேரும், தனக்கு முன்னால் காலம் காட்ட விடுமா, தனக்குப் பின்னால் எந்த மாதிரி வாக்கியத்தை அனுமதிக்கும் என்ற மூன்று இடங்களில்தான் போகிறது. பட்டியலில் அர்த்தம் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த மூன்றும் கீழே சின்னதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

느라고 (நுராகோ) என்ற விகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒன்றைச் செய்துகொண்டிருந்ததால்' என்று பட்டியலில் போட்டிருக்கும். 책을 읽느라고 잠을 못 잤다 என்றால் புத்தகம் படித்துக்கொண்டிருந்ததால் தூங்கவில்லை. சரியான வாக்கியம். இதே அர்த்தத்தை நம்பி 비가 오느라고 길이 막혔다 என்று ஒருவர் எழுதுவார். மழை பெய்ததால் சாலை நெரிசலானது என்று சொல்ல நினைத்தது புரிகிறது, ஆனால் வாக்கியம் தவறு. படித்தவரும் தூங்காதவரும் ஒருவராக இருப்பதுபோல, 느라고 வாக்கியத்தின் இரண்டு பாதிக்கும் எழுவாய் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இங்கே பெய்தது மழை, நெரிசலானது சாலை. 비가 오는 바람에 길이 막혔다 என்று எழுதினால் சரியாகிவிடும்.

இன்னும் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. 읽었느라고 என்று இறந்தகாலத்தை உள்ளே நுழைக்க முடியாது. 바쁘느라고 என்று பெயரடை வினையோடு சேர்க்க முடியாது, ஏனென்றால் இந்த விகுதிக்கு நேரம் எடுக்கும் ஒரு செயல் வேண்டும். பின்பாதியில் வருவது பெரும்பாலும் செய்ய முடியாமல் போன காரியம், தாமதம், சிரமம் என்ற வகைதான். ஆகவே 'பாடுபட்டுப் படித்ததால் தேர்ச்சி பெற்றேன்' என்பதற்கு 느라고 பொருந்தாது.

இந்த நான்கும் படிக்கும்போது எளிதாகத்தான் தோன்றும். கைதான் மறக்கும். இருபது வாக்கியம் எழுதி, அவற்றில் நான்கைந்து தவறி, எந்தக் கட்டுப்பாட்டை மீறினோம் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லக் கேட்டால்தான் நிற்கும்.

வாசிப்புல இலக்கணத்துக்கு நாலே கேள்விதானே? எட்டு மார்க்குக்கு பத்து ஞாயிறு கொடுக்கணுமா?

வாசிப்புப் பகுதியின் முதல் நான்கு கேள்விகள்தான் இலக்கணத்தை நேரடியாகக் கேட்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். அதற்காக மட்டும் என்றால் நானே இந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

எழுத்துப் பகுதியைப் பாருங்கள். 50 நிமிடத்தில் நான்கு கேள்விகள், 51 முதல் 54 வரை. முதல் இரண்டிலும் அடைப்புக்குள் வாக்கியத்தை முடித்து எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண், இரண்டும் கிட்டத்தட்ட முழுக்க விகுதிக் கேள்விகளே. அடுத்து 53ஆம் கேள்வி 200 முதல் 300 எழுத்து வரை கேட்கிறது, அதற்கு 30 மதிப்பெண். 54ஆம் கேள்வி 600 முதல் 700 எழுத்து வரை, அதற்கு 50. இந்த இரண்டிலும் பாதிக்குச் சற்று மேல் மொழிப் பயன்பாட்டுக்குப் போகிறது: 53இல் 16, 54இல் 26. சொல்வளம், இலக்கணம், நடை எல்லாம் அதற்குள் அடக்கம். மூன்றாம் நிலைக்கு மொத்தம் 300இல் 120 வேண்டும், நான்காம் நிலைக்கு 150. இந்த 30 மதிப்பெண் இடைவெளியை எழுத்துப் பகுதியில் தாண்டுவதுதான் நம்மில் பலருக்கு நடக்கக்கூடிய வழி என்று நினைக்கிறேன்.

ஒன்றரை மணி நேரத்துல என்ன நடக்கும்? சும்மா ஒர்க்ஷீட் நிரப்புறதா?

முதல் வாரத்தையே சொல்கிறேன். அன்று 아서/어서 (ஆசொ, ஒசொ), 니까 (நிக்கா) என்ற ஜோடி. இரண்டும் காரணம் சொல்லும் விகுதிகள்.

முதல் இருபது நிமிடம் ஒட்டவைக்கும் பயிற்சி. அர்த்தத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஒருவர் அகராதி வடிவத்தைச் சொல்வார், அடுத்தவர் இரண்டு விகுதியோடும் சேர்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 가다 என்றால் 가서, 가니까. 먹다 என்றால் 먹어서, 먹으니까. 덥다 என்றால் 더워서, 더우니까. 살다 என்றால் 살아서, 사니까. கடைசியில் ㄹ காணாமல் போனதைக் கவனியுங்கள். வேகம் முக்கியம்: யோசித்துச் சொன்னால் அந்த வினை மறு சுற்றுக்குத் திரும்பும்.

அடுத்த நாற்பது நிமிடம் கட்டுப்பாட்டுப் பயிற்சி. இதுதான் நம் பயிற்சியின் உயிர். ஒரு சூழலைத் தமிழில் சொல்வேன், ஒவ்வொருவரும் கொரிய மொழியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். 'மழை பெய்வதால் குடை எடுத்துக்கொண்டு போங்கள்' என்று வைத்துக்கொள்வோம். தமிழில் 'ஆல்' விகுதிக்குப் பின் கட்டளை வந்தால் காதுக்கு ஒன்றும் உறுத்தாது. அதனால் கை தானாகவே 비가 와서 우산을 가져가세요 என்று எழுதும். அது தவறு. காரணப் பொருளில் வரும் 아서 தனக்குப் பின்னால் கட்டளையையோ 'போவோமா' என்ற அழைப்பையோ ஏற்காது. 비가 오니까 우산을 가져가세요 என்றுதான் எழுத வேண்டும்.

இரண்டாவது சூழல்: 'நேற்று விருந்தினர் வந்ததால் படிக்க முடியவில்லை.' தமிழில் 'வந்ததால்' என்பதற்குள் இறந்தகாலம் இருக்கிறது. அதே பழக்கத்தில் 왔어서 என்று எழுதத் தோன்றும். 아서 தனக்குள் காலம் காட்ட விடாது, ஆகவே 어제 손님이 와서 공부를 못 했다. காலத்தைக் கடைசி வினை பார்த்துக்கொள்ளும். 니까 அப்படியல்ல, 왔으니까 என்பது சரி. மூன்றாவது சூழல் மன்னிப்பும் நன்றியும்: 늦어서 죄송합니다. இங்கே 니까 போட்டால் 'நான் தாமதமானேன், அதனால்தான்' என்று வாதாடுவதுபோல ஆகிவிடும்.

கடைசி அரை மணி நேரம் நோட்டை மாற்றிக்கொண்டு திருத்துவோம். திருத்துபவர் சரியான விடையை எழுதக் கூடாது. எந்தக் கட்டுப்பாடு மீறப்பட்டது என்று மட்டும் ஓரத்தில் குறிக்க வேண்டும். எழுதியவரே திருத்திக்கொள்வார்.

'போய்', 'வந்து'ன்னு தமிழ்ல சொல்றதுக்கெல்லாம் 아서 போட்டா சரியா வருமா?

பாதிதான் வரும். தமிழின் வினையெச்சம் ஒன்று, கொரிய மொழியில் அதே வேலையை 아서, 고 (கோ) என்ற இரண்டு விகுதிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டாம் வாரம் முழுக்க இதற்குத்தான்.

முதல் செயலின் பலன் இரண்டாவது செயலுக்குள் வருகிறதா என்று பாருங்கள். 선물을 사서 친구에게 줬다 என்பதில் வாங்கிய பரிசையேதான் நண்பருக்குக் கொடுத்தேன், அதனால் 아서. 도서관에 가서 공부했다 என்றால் படித்தது அந்த நூலகத்தில்தான். அதையே 도서관에 가고 공부했다 என்று எழுதினால் நூலகத்துக்குப் போனது ஒரு காரியம், படித்தது வேறெங்கோ நடந்த வேறொரு காரியம் என்று படும். 'சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்' என்பதில் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அப்படி ஒரு பிணைப்பு இல்லை, ஒன்று முடிந்து மற்றது நடந்தது, அவ்வளவுதான். ஆகவே 밥을 먹고 학교에 갔다. இங்கே 먹어서 என்று எழுதினால் படிப்பவர் அதைக் காரணமாக எடுத்துக்கொள்வார்.

தமிழர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. நம் வினையெச்சத்துக்குப் பின்னால் 'போனேன்' வந்தாலும் 'போவேன்' வந்தாலும் எச்சம் மாறாது. 'வாங்கிக் கொடுத்தேன்', 'வாங்கிக் கொடுப்பேன்' இரண்டிலும் 'வாங்கி' அப்படியே நிற்கிறது. 사서 அதுபோலத்தான். ஆகவே தொடர்ச்சிப் பொருளில் காலப்பிழை நம்மிடம் அநேகமாக வருவதில்லை. காரணப் பொருளில்தான் 'வந்ததால்' குறுக்கே வருகிறது.

ஒழுங்கற்ற வினைகளைத் தனியா ஒரு வாரம் வச்சு முடிச்சிடலாமே?

தனி வாரம் வைத்தால் அந்த வாரம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் ஒட்டவைக்கும் பயிற்சியில் கலந்தே வரட்டும்.

இதில் ஒழுங்கற்றவற்றைவிட, அவற்றைப் போலவே தோன்றும் ஒழுங்கானவைதான் ஆபத்து. 덥다 더워서 ஆனதைப் படித்தவர் 입다 என்பதை 이워서 ஆக்கிவிடுவார், சரியானது 입어서. ㅅ விழும் 낫다 나아서 ஆகும், ஆனால் 웃다 என்பது 웃어서, 씻다 என்பது 씻어서. கேட்பதைக் குறிக்கும் 묻다 물어서 ஆகும், புதைப்பதைக் குறிக்கும் 묻다 묻어서 என்றே இருக்கும். ஆகவே பட்டியலில் எப்போதும் ஒரு ஒழுங்கற்ற வினையும் அதன் பக்கத்தில் அதே தோற்றமுள்ள ஓர் ஒழுங்கான வினையும் இருக்கும். 르 வகையில் 모르다 몰라서 ஆவதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். 돕다 மட்டும் 도와서 ஆவது திரும்பத் திரும்பத் தவறுகிறது, அதை எல்லா வாரமும் கேட்பேன்.

54ஆவது கேள்விக்கு 요 போட்டு எழுதினா என்ன தப்பு? கொரிய நாடகத்துல எல்லாம் அப்படித்தானே பேசுறாங்க?

அது பேச்சு. 53, 54 இரண்டும் கட்டுரை நடையில் 다 (தா) என்று முடிய வேண்டும். நடை மாறினால் மொழிப் பயன்பாட்டு மதிப்பெண்ணில் அடி விழும். பாதி 요, பாதி 다 என்று கலந்தால் இன்னும் மோசமாகத் தெரியும்.

மூன்றாம் வாரத்தை இதற்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் 다 என்று முடிப்பது தோன்றுவதைவிடக் கடினம். செயல் வினை என்றால் நிகழ்காலத்தில் 간다, 먹는다 என்று மாறும். பெயரடை வினை என்றால் 많다, 좋다 என்று மாறாமல் நிற்கும். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கும்போது இது செயலா, தன்மையா என்று முடிவு செய்தாக வேண்டும்.

இதில் எல்லோரும் விழும் குழி 필요하다. தமிழில் 'தேவைப்படுகிறது' என்று வினையாகச் சொல்வதால் 필요한다 என்று எழுதிவிடுகிறோம். கொரிய மொழியில் அது பெயரடை வினை, 필요하다 என்றே முடியும். 중요하다 அப்படியே. ஆனால் 생각하다 செயல், ஆகவே 생각한다. மூன்றும் 하다 என்று முடிவதால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. பின்னால் 사람 என்ற பெயரைச் சேர்த்துப் பாருங்கள். 생각하는 사람 என்று 는 வந்தால் செயல். 필요한 사람 என்று ㄴ மட்டும் வந்தால் தன்மை. தேர்வறையில் சந்தேகம் வந்தால் மனசுக்குள் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எதிர்மறையிலும் இதே பிரிவு தொடரும்: 가지 않는다, ஆனால் 좋지 않다. 하고 싶다 என்பதில் 싶다 மாறாது. 해야 하다 மட்டும் 해야 한다 ஆகும். 54ஆம் கேள்வியில் கருத்துச் சொல்லும் வாக்கியங்களில் பாதி 해야 한다 என்றே முடியும், ஆகவே அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் அளவுக்குப் பழக வேண்டும். கட்டுரை நடையில் 저 என்று பணிவாகத் தன்னைச் சொல்வதும் பொருந்தாது, 나 அல்லது 우리 வேண்டும்.

51ஆவது கேள்வில எனக்கு அர்த்தம் புரியுது, ஆனா பாதி மார்க்தான் வருது. ஏன்?

பெரும்பாலும் அடைப்புக்கு வெளியே இருக்கும் குறிப்புகளைப் பார்க்காததால். நானே எழுதிய ஒரு மாதிரி இது:

선생님, 안녕하십니까? 제가 내일 병원에 가야 해서 수업에 ( ㉠ ). 혹시 숙제가 있으면 저에게 ( ㉡ )?

மாணவர் ஆசிரியருக்கு அனுப்பும் செய்தி. முதல் வரி 안녕하십니까 என்று தொடங்குவதால் முழுச் செய்தியும் 습니다 (சுப்னிதா) நடையில் போக வேண்டும். ㉠ இடத்தில் 못 가 என்று எழுதினால் அர்த்தம் சரி, மரியாதை போய்விட்டது. 못 가요 பரவாயில்லை, ஆனால் நடை பொருந்தவில்லை. 갈 수 없을 것 같습니다 என்று எழுதலாம். முன்னால் 수업에 என்று இருப்பதால் வினை அந்த 에 உருபோடு சேர வேண்டும் என்பதையும் பாருங்கள். 수업을 என்று இருந்திருந்தால் 들을 수 없을 것 같습니다 என்று வந்திருக்கும்.

㉡ இடத்தில் மூன்று குறிப்பு இருக்கிறது. முன்னால் 혹시, பின்னால் கேள்விக்குறி, 'எனக்கு' என்ற 저에게. ஆகவே எனக்காகச் செய்வீர்களா என்ற வேண்டுகோளும், ஆசிரியருக்கு உரிய மரியாதை விகுதியும் வேண்டும்: 알려 주실 수 있습니까. 알려 줄 수 있습니까 என்று எழுதினால் ஆசிரியருக்கான 시 விடுபட்டுவிடும். 알려 주십시오 என்பது மரியாதைதான், ஆனால் கேள்விக்குறியோடு ஒட்டாது.

இந்தக் கேள்விக்கான பயிற்சியில், விடை எழுதும் முன்பே உருபு, கேள்விக்குறி, நடை ஆகிய மூன்றையும் பென்சிலால் வட்டமிட வேண்டும். வட்டம் இல்லாத விடையை நான் திருத்த மாட்டேன்.

더니யும் 았더니யும் எப்பவுமே குழப்புது. இதுக்கு ஒரு வாரம் உண்டா?

ஐந்தாம் வாரம். சுருக்கமாகச் சொன்னால், 더니 (தொனி) வந்தால் நான் கண்டது, 았더니 (ஆத்தொனி) வந்தால் பெரும்பாலும் நான் செய்தது. 동생이 밤늦게까지 게임을 하더니 수업 시간에 졸았다: தம்பி ராத்திரி விளையாடியதை நான் பார்த்தேன், அவனே வகுப்பில் தூங்கி வழிந்தான். இரண்டு பாதிக்கும் எழுவாய் அவன்தான். 창문을 열었더니 바람이 들어왔다: ஜன்னலைத் திறந்தது நான், அதன் பிறகு காற்று வந்ததைக் கண்டேன், எழுவாய் மாறிவிட்டது. இரண்டிலும் பின்னால் கட்டளை வராது. மீதியை அன்று எழுதிப் பார்ப்போம்.

நமக்கு முன்னேற்றம் இருக்கான்னு எப்படித் தெரியும்?

ஒவ்வொருவரும் ஒரு பிழைக் குறிப்பேடு வைக்க வேண்டும். பிழைகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: ஒட்டவைப்பதில் வந்தது, கட்டுப்பாட்டை மீறியது, நடை மாறியது. முதல் வகை சீக்கிரம் குறையும், குறைந்தே ஆக வேண்டும். நான்கு வாரம் ஆகியும் 더워서 தவறினால் வாய்விட்டுச் சொல்லும் பயிற்சி போதவில்லை என்று அர்த்தம், அவருக்கு வாரநடுவில் பத்து வினை கூடுதலாகத் தருவேன். இரண்டாம் வகை புது விகுதி வரும்போதெல்லாம் ஏறி இறங்கும். கவனிக்க வேண்டியது பழைய விகுதி. நான்காம் வாரம் 느라고 எழுதும்போது முதல் வாரத்து 왔어서 திரும்பி வந்தால், அதை அன்றே பயிற்சியில் சேர்க்க வேண்டும்.

இதனால்தான் முதல் ஐந்து வாரத்துக்கு மட்டும் விகுதிகளை நான் முடிவு செய்திருக்கிறேன். ஆறாம் வாரத்திலிருந்து எதை எடுப்பது என்பதை நம் குறிப்பேடுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்து முடிவு செய்வோம்.

நான் டோபிக் 1 தான் எழுதுறேன். வரலாமா?

முதல் இரண்டு வாரம் தாராளமாக வாருங்கள். டோபிக் 1 தேர்வில் கேட்டலும் வாசிப்பும் மட்டும்தான், எழுத்துப் பகுதி கிடையாது. ஆகவே மூன்றாம் வாரத்திலிருந்து நாங்கள் செய்வது உங்களுக்கு உடனே பயன்படாது.

போனில் டைப் பண்ணி அனுப்பலாமா? நேர்ல வரணுமா?

காகிதத் தேர்வு எழுதுபவர்கள் கையால்தான் எழுத வேண்டும். டைப் செய்தால் பாதி எழுதியதுமே போன் முழு வடிவத்தைக் காட்டிவிடும், 더워서 என்பதை நீங்கள் எழுதவில்லை, போன் எழுதியது. 53, 54 விடைகளைக் கட்டம் போட்ட தாளில் எழுத வேண்டியிருப்பதால், கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் வர முடியாதவர்கள் எழுதியதைப் படம் பிடித்து ஞாயிறு காலை 9 மணிக்குள் அனுப்பினால் நோட்டு மாற்றும் நேரத்தில் உங்கள் பக்கத்தையும் ஒருவரிடம் கொடுக்கிறேன்.

முதல் ஞாயிறுக்கு வரும்போது 가다, 먹다, 덥다, 입다, 돕다, 듣다, 받다, 살다, 모르다, 낫다, 웃다, 바쁘다 ஆகிய பன்னிரண்டு வினைகளையும் 아서, 니까 இரண்டோடும் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். அகராதியைப் பார்க்காமல் எழுதுங்கள். தவறினால் தவறட்டும், அங்கிருந்துதான் தொடங்கப்போகிறோம்.